நாளுக்கு நாள் உயரும் சேமிப்பு சவால்: மொத்தம் எவ்வளவு, கடைசி மாதம் எவ்வளவு என்று கணக்கிடும் முழு வழிகாட்டி

முதல் நாள் 1 ரூபாய், இரண்டாம் நாள் 2 ரூபாய், மூன்றாம் நாள் 3 ரூபாய். இப்படியே ஒரு வருடம் போட்டால் 66,795 ரூபாய் சேரும். இந்தத் தொகையைச் சொல்லித்தான் பலரும் இந்தச் சவாலை அறிமுகப்படுத்துகிறார்கள். அதே கணக்கில் டிசம்பர் மாதத்துக்கு மட்டும் 10,850 ரூபாய் எடுத்து வைக்க வேண்டியிருக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஜனவரியில் போட்டதோ வெறும் 496. சவாலைத் தொடங்குபவர்களில் சிலர் பாதியில் விட்டுவிடுவதற்கு மன உறுதி இல்லாதது காரணமில்லை. கூட்டிப் பார்க்காமல் தொடங்கியதுதான் காரணம்.

ஆகவே இங்கே இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடுவோம். ஒரு திட்டத்தைக் கையில் கொடுத்தால் அதன் மொத்தத்தை எப்படிக் கூட்டுவது? நமக்கு வேண்டிய மொத்தம் தெரிந்தால், அதற்கேற்ற திட்டத்தை எப்படி வகுப்பது? இரண்டாவதுதான் உண்மையில் பயன்படுவது. ஆனால் முதலாவது கைவராமல் அது வராது. நான் ரூபாய் என்று எழுதுகிறேன். வேறு எந்த நாணயத்தில் சேமித்தாலும் கணக்கு மாறாது.

முதல் படி: ஜோடி சேர்த்துக் கூட்டுதல்

365 எண்களை ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டியதில்லை. முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்துப் பாருங்கள்: 1 + 365 = 366. இரண்டாம் நாளையும் கடைசிக்கு முந்தைய நாளையும் சேருங்கள்: 2 + 364 = 366. ஒரு பக்கம் ஒன்று கூடும்போது மறுபக்கம் ஒன்று குறைவதால், எந்த ஜோடியை எடுத்தாலும் 366தான் வரும். இப்படி 182 ஜோடிகள் கிடைக்கும். நடுவில் 183-ஆம் நாள் ஜோடியில்லாமல் நிற்கும். 182 × 366 = 66,612. அதோடு 183-ஐச் சேர்த்தால் 66,795.

இதையே சுருக்கமாகச் சொன்னால்: நாட்களின் எண்ணிக்கையை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கி, இரண்டால் வகுக்க வேண்டும். 365 × 366 ÷ 2 = 66,795. 30 நாளுக்கு 30 × 31 ÷ 2 = 465. 100 நாளுக்கு 100 × 101 ÷ 2 = 5,050. லீப் வருடமானால் 366-ஆம் நாளுக்கு உரிய 366 ரூபாய் கூடி 67,161 ஆகும்.

பள்ளியில் இதைக் கூட்டுத் தொடர் என்ற பெயரில் படித்திருப்போம். மிகப் பழைய கணக்கு இது. ஆரியபட்டர் கி.பி. 499-ஐ ஒட்டி எழுதிய நூலிலேயே, முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டி, அதை எண்ணிக்கையின் பாதியால் பெருக்கும் வழி இருக்கிறது. மொத்தத்திலிருந்து எத்தனை நாள் என்று பின்னோக்கிக் கண்டுபிடிக்கும் வழியும் அதே நூலில் இருக்கிறது. இரண்டுமே நமக்கு இங்கே வேண்டும்.

இரண்டாம் படி: பணம் எந்த மாதத்தில் விழுகிறது என்று பார்த்தல்

மொத்தம் தெரிந்தால் மட்டும் போதாது. அது எங்கே குவிந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒரு மாதத்துக்கான தொகை வேண்டுமென்றால், அந்த மாதத்தின் முதல் நாள் தொகையையும் கடைசி நாள் தொகையையும் கூட்டி, மாதத்தின் நாட்களால் பெருக்கி, பாதியாக்குங்கள். டிசம்பர் 1 என்பது வருடத்தின் 335-ஆம் நாள். டிசம்பர் 31 என்பது 365-ஆம் நாள். 335 + 365 = 700. அதை 31-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 10,850.

இதே வழியில் பார்த்தால் மார்ச்சுக்கு 2,325 ரூபாயும், ஜூனுக்கு 4,995-உம், செப்டம்பருக்கு 7,755-உம் வரும். ஜூன் முடியும்போது, அதாவது ஏறக்குறைய பாதி வருடம் கடந்தபோது, கையில் சேர்ந்திருப்பது 16,471. மொத்தத்தில் கால் பங்கு அளவுதான். மீதி முக்கால் பங்கும் பின் பாதியில்தான் வர வேண்டும்.

பாதி நாளில் கால் பங்கு என்பதை நினைவில் வையுங்கள். 1-இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறும் எந்தத் திட்டத்துக்கும், அது 50 நாளானாலும் 500 நாளானாலும், ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நாட்கள் இரண்டு மடங்கானால் மொத்தம் ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். முதல் இரண்டு மாதம் சிரமமே தெரியவில்லை என்பதை வைத்து, இந்தத் திட்டம் நமக்கு ஒத்துவரும் என்று முடிவு கட்ட முடியாது. அந்த இரண்டு மாதத்தில் வேலையே இன்னும் தொடங்கவில்லை.

மூன்றாம் படி: 1-இல் தொடங்காத திட்டங்கள்

எல்லாரும் 1-இல் தொடங்கி 1 ஏற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை. 20-இல் தொடங்கி தினமும் 5 ஏற்றலாம். 100-இல் தொடங்கி 2 ஏற்றலாம். அப்போது மூன்று எண்கள் தெரிந்தால் போதும்: தொடக்கத் தொகை, தினசரி ஏற்றம், மொத்த நாட்கள்.

முதலில் கடைசி நாள் தொகையைக் கண்டுபிடிக்க வேண்டும். நாட்களில் ஒன்றைக் கழித்து, ஏற்றத்தால் பெருக்கி, தொடக்கத் தொகையைச் சேர்க்க வேண்டும். ஒன்றைக் கழிக்கிறோமே, அங்கேதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. முதல் நாளில் ஏற்றம் எதுவும் இல்லை. இரண்டாம் நாளில்தான் முதல் ஏற்றம். ஆகவே 100 நாளில் 99 ஏற்றங்கள்தான் இருக்கும். 20-இல் தொடங்கி 5 ஏற்றினால் நூறாம் நாள் தொகை 20 + 99 × 5 = 515. இதை 520 என்று எடுத்துக்கொண்டால் மொத்தத்தில் 250 ரூபாய் தவறு வந்துவிடும்.

கடைசி நாள் தொகை கிடைத்ததும் பழைய வழிதான். முதல் நாளையும் கடைசி நாளையும் கூட்டி, நாட்களால் பெருக்கி, பாதியாக்குங்கள். (20 + 515) × 100 ÷ 2 = 26,750.

கூட்டியது சரிதானா என்று சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. அதே சூத்திரத்தை மூன்றே நாளுக்குப் போட்டுப் பாருங்கள். 20, 25, 30 என்பதை மனத்தாலேயே கூட்டினால் 75. சூத்திரப்படி (20 + 30) × 3 ÷ 2 = 75. இரண்டும் ஒத்துப்போனால் சூத்திரத்தைச் சரியாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று பொருள்.

நான்காம் படி: இலக்கிலிருந்து பின்னோக்கி வருதல்

இனிதான் முக்கியமான பகுதி. ஒருவருக்கு 100 நாளில் 30,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தொகையில் தொடங்கி, தினமும் எவ்வளவு ஏற்ற வேண்டும்?

30,000-ஐ 100-ஆல் வகுத்தால் நாளொன்றுக்குச் சராசரி 300. ஜோடிக் கணக்கை நினைத்துப் பாருங்கள்: முதல் நாளும் கடைசி நாளும் சேர்ந்தால் சராசரியைப் போல இரு மடங்கு, அதாவது 600 வர வேண்டும். தொடக்கம் 10 என்றால் கடைசி நாள் 590. தொடக்கம் 100 என்றால் கடைசி நாள் 500. தொடக்கம் 200 என்றால் கடைசி நாள் 400. எப்படிப் பிரித்தாலும் கூட்டல் 600தான்.

பெரும்பாலோர் தொடக்கத்தை முதலில் முடிவு செய்கிறார்கள். 10 ரூபாயில் ஆரம்பிக்கலாம், சுலபமாக இருக்கும் என்பார்கள். நான் சொல்வது நேர் எதிரானது: கடைசி நாளை முதலில் முடிவு செய்யுங்கள். "மற்ற செலவெல்லாம் போக ஒரு நாளைக்கு அதிகபட்சம் எவ்வளவு எடுத்து வைக்க முடியும், அதையும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லாமல் தொடர்ந்து பல நாள்?" என்று உங்களையே கேளுங்கள். பதில் 450 என்றால், தொடக்கத் தொகை தானாகவே 600 − 450 = 150 ஆகிவிடும். இரண்டுக்கும் இடையே உள்ள 300-ஐ 99 ஏற்றங்களாகப் பிரித்தால் 3.03. அதை 3 என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது சரிபார்ப்போம். 150-இல் தொடங்கி 3 ஏற்றினால் கடைசி நாள் 447, மொத்தம் 29,850. இலக்குக்கு 150 குறைகிறது. தொடக்கத்தை 1 ரூபாய் உயர்த்தினால் 100 நாளும் 1 ரூபாய் கூடும், ஆகவே மொத்தம் 100 கூடும். 2 ரூபாய் உயர்த்தி 152-இல் தொடங்கினால் மொத்தம் 30,050, கடைசி நாள் 449. திட்டம் அமைந்துவிட்டது.

தொடக்கத்தை மாற்றுவதற்கும் ஏற்றத்தை மாற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கவனியுங்கள். தொடக்கத்தில் 1 ரூபாய் மாற்றினால் மொத்தத்தில் 100தான் மாறும். ஏற்றத்தில் 1 ரூபாய் மாற்றினால் 99 × 100 ÷ 2, அதாவது 4,950 மாறும். அதனால் முதலில் ஏற்றத்தை முழு எண்ணாக நிறுத்திக்கொண்டு, மிச்சம் மீதியைத் தொடக்கத் தொகையில் சரிசெய்ய வேண்டும்.

இலக்குக்கு அருகில் வரும் மூன்று திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

| தொடக்கம் | தினசரி ஏற்றம் | கடைசி நாள் | மொத்தம் | கடைசி 30 நாளுக்கு |
|---|---|---|---|---|
| 10 | 6 | 604 | 30,700 | 15,510 |
| 53 | 5 | 548 | 30,050 | 14,265 |
| 152 | 3 | 449 | 30,050 | 12,165 |

மூன்றுமே ஏறக்குறைய ஒரே தொகையைத் தருகின்றன. ஆனால் முதல் திட்டத்தில் மொத்தப் பணத்தின் பாதிக்கு மேல் கடைசி 30 நாளில் விழுகிறது. மாத வருமானம் வாங்குபவருக்கு அது ஒரே மாதச் சம்பளத்திலிருந்து 15,510 எடுப்பதற்குச் சமம். மூன்றாவது திட்டத்தில் அதைவிட 3,345 குறைவு. முதல் நாளே 152 போடுவது கொஞ்சம் கடினமாகத் தோன்றலாம். ஆனால் முதல் நாளே முடியாதவருக்குக் கடைசி வாரத்தில் 600 எப்படி முடியும்?

கணக்கே ஒத்துவராத சூழலும் உண்டு. உங்களால் முடிந்த அதிகபட்சம் 300-க்குக் குறைவு என்றால், 100 நாளில் 30,000 சேர்க்க எந்த ஏறுமுகத் திட்டமும் கிடையாது. அப்போது நாட்களைத்தான் கூட்ட வேண்டும். மறுபுறம், கடைசி நாள் 600-ஐத் தாண்டினால் இலக்குக்கு மேல் போடுகிறீர்கள், அல்லது தொடக்கத் தொகை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. இந்த இலக்குக்குக் கடைசி நாள் எப்போதும் 300-க்கும் 600-க்கும் இடையில்தான் இருக்க முடியும். வேறு இலக்கானால், சராசரிக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையில்.

ஐந்தாம் படி: வாரத் தொகையாக மாற்றுதல்

தினமும் 269, 272, 275 என்று சில்லறையாக எடுத்து வைப்பது பலருக்குத் தொல்லை. வாரம் ஒரு முறை கணக்குக்கு அனுப்புவது எளிது. அதற்கும் கூட்ட வேண்டியதில்லை. ஏழு நாளில் நடுவில் வரும் நான்காம் நாள் தொகையை ஏழால் பெருக்கினால் வாரத் தொகை கிடைத்துவிடும். நம் திட்டத்தில் நான்காம் நாள் 161, முதல் வாரத்துக்கு 161 × 7 = 1,127. அடுத்த வாரத்தின் நடுநாள், அதாவது 11-ஆம் நாள், 182. அதற்கு 1,274. வாரத்துக்கு வாரம் 147 கூடுகிறது. அது 7 × 7 × 3 என்பதால் ஒவ்வொரு வாரமும் அதே அளவுதான் கூடும்.

100 நாளில் 14 முழு வாரங்களும் 2 நாட்களும் இருக்கின்றன. அந்தக் கடைசி இரண்டு நாளுக்கு 446 + 449 = 895 தனியாகப் போட வேண்டும். வாரக் கணக்கில் போகிறவர்கள் மறப்பது இந்த ஒட்டுத் துண்டைத்தான். வருடத் திட்டத்திலும் 52 வாரம் போக ஒரு நாள் மிஞ்சும்; அது மிகப் பெரிய தொகைக்கு உரிய நாள்.

ஆறாம் படி: ஒரு நாள் தவறினால்

இதை முன்பே முடிவு செய்து எழுதி வைத்துவிடுவது நல்லது. தவறிய அன்று முடிவு செய்ய உட்கார்ந்தால் கணக்கு குழம்பும்.

நம் திட்டத்தில் 40-ஆம் நாளுக்கு உரிய தொகை 152 + 39 × 3 = 269. அன்று போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் என்ன செய்வீர்கள்? சிலர் நாளின் எண்ணைப் பின்பற்றி 41-ஆம் நாளுக்கு உரிய 272 போடுவார்கள். சிலர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 269 போடுவார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் ஒன்றல்ல.

எண்ணைப் பின்பற்றினால் இழப்பு, தவறிய நாளின் தொகையான 269 மட்டும். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, நூறாம் நாளில் நிறுத்தினால், ஒவ்வொரு தொகையும் ஒரு நாள் தள்ளிப்போய், கடைசித் தொகையான 449-க்கு நாளே இல்லாமல் போகும். இழப்பு 449. அதாவது எந்த நாள் தவறினாலும் மிகப் பெரிய தொகையை இழக்கிறீர்கள். வருடத் திட்டத்தில் இது இன்னும் கடுமை: ஜனவரி 20-இல் 20 ரூபாய் தவறியதற்கு டிசம்பரில் 365 ரூபாய் போய்விடும். விட்ட இடத்திலிருந்து தொடர்வது சரியாக வேண்டுமானால் 101-ஆம் நாள் வரை நீட்ட வேண்டும். அப்போது இழப்பு எதுவுமில்லை.

விடுபட்ட 269-ஐ ஈடுகட்டவும் வழியுண்டு. மறுநாளே சேர்த்துப் போட்டால் 541 ஆகிவிடும். அது நாம் வைத்த 450 என்ற எல்லையைத் தாண்டுகிறது. அடுத்த 54 நாளில் பரப்பினால் நாளுக்கு 5 ரூபாய் கூட வைத்தாலே 270 வந்துவிடும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனால் அந்த 5-ஐத் தனியாக ஒரு வரியில் எழுதுங்கள். தினசரித் தொகையோடு கலந்துவிட்டால் பிறகு எதை எதனோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் போகும்.

ஏழாம் படி: உண்டியலை எண்ணிச் சரிபார்த்தல்

1, 2, 3 என்று ஏறும் எளிய திட்டத்துக்கு அழகான ஒரு சோதனை உண்டு. உண்டியலில் உள்ள பணத்தை எண்ணி, இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். தசமப் பகுதியை விட்டுவிட்டால் கிடைக்கும் முழு எண்தான் நாள். உதாரணமாக 9,870 இருந்தால், இரு மடங்கு 19,740, அதன் வர்க்கமூலம் 140.5 அளவில் வரும். ஆகவே 140-ஆம் நாள். 140 × 141 = 19,740 என்று முழுதாகப் பொருந்துவதால் எல்லா நாளும் போடப்பட்டிருக்கிறது என்று தெரிகிறது. ஒரு எண்ணை அடுத்த எண்ணால் பெருக்கினால் வருவது, அந்த இரு எண்களின் வர்க்கங்களுக்கு இடையில்தான் இருக்கும். இந்தச் சோதனை நிற்பது அதன் மேல்தான்.

இப்போது வேறொரு நிலை. இன்று 140-ஆம் நாள். எண்ணிப் பார்த்தால் 9,807 என்று குறித்திருக்கிறீர்கள். இருக்க வேண்டியது 9,870. குறைவு 63. உடனே "63-ஆம் நாள் போடவில்லை" என்று முடிவு கட்ட வேண்டாம். 63 என்பது 9-ஆல் வகுபடும் எண். இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதினால் வரும் வேறுபாடு எப்போதும் 9-ஆல் வகுபடும். கணக்கு எழுதுபவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் சோதனை இது. 9,870-ஐ 9,807 என்று எழுதிவிட்டாலும் வேறுபாடு இதே 63தான். அதனால் முதலில் இன்னொரு முறை எண்ணுங்கள். எண்ணிக்கை மாறவில்லை என்றால் 63-ஆம் நாளின் குறிப்பைப் பாருங்கள். அதிலும் போட்டதாக இருந்தால் இரண்டு நாள் தவறியிருக்கலாம், 30-உம் 33-உம் போல. அல்லது ஒரு நாளின் தொகையையே மாற்றிப் போட்டிருக்கலாம், 92-க்குப் பதில் 29 போல. அதுவும் 63தான்.

தினமும் போட்டதற்கு ஒரு குறிப்பு இருந்தால்தான் இந்தத் தேடல் முடிவுக்கு வரும். மொத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த நான்கையும் பிரித்தறிய முடியாது.

எட்டாம் படி: அட்டவணையில் ஏற்றுதல்

கணினியிலோ போனிலோ அட்டவணைச் செயலி இருந்தால் பத்து நிமிட வேலை. B1-இல் தொடக்கத் தொகை, B2-இல் தினசரி ஏற்றம், B3-இல் மொத்த நாட்கள். B4-இல் மொத்தத்துக்கான சூத்திரம்:

```
=B3*(2*B1+(B3-1)*B2)/2
```

152, 3, 100 என்று போட்டால் 30050 வர வேண்டும். அதன் பிறகு 6-ஆம் வரிசையிலிருந்து தினசரிப் பட்டியல். A6-இல் 1, A7-இல் 2 என்று எழுதி, இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, நாளின் எண்ணைக் கீழே 100 வரை இழுங்கள். B6-இல் அன்றைய தொகை, C6-இல் அதுவரை சேர்ந்திருக்க வேண்டிய தொகை. D பத்தியைக் காலியாக விடுங்கள். உண்மையில் போட்டதைத் தினமும் அங்கே எழுத வேண்டும். E6-இல் வேறுபாடு.

```
B6:  =$B$1+(A6-1)*$B$2
C6:  =SUM(B$6:B6)
E6:  =SUM(D$6:D6)-C6
```

இந்த மூன்றையும் 105-ஆம் வரிசை வரை இழுத்துவிடுங்கள். டாலர் குறியை விட்டுவிட்டால் இழுக்கும்போது முகவரி நகர்ந்து எல்லாத் தொகையும் கெட்டுவிடும். C105-உம் B4-உம் ஒன்றாக இல்லையென்றால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். E பத்தி பூஜ்யம் என்றால் சரியாகப் போகிறீர்கள். கழித்தல் குறியோடு ஒரு எண் வந்தால் அவ்வளவு பாக்கி. இன்னும் வராத நாட்களிலும் E-இல் பெரிய பாக்கி காட்டும். அதைப் பொருட்படுத்த வேண்டாம், இன்றைய வரிசையை மட்டும் பாருங்கள்.

கையிலுள்ள பணம் எத்தனை நாளுக்கு நிறைகிறது என்று அறிய, அந்தத் தொகையை F1-இல் எழுதி இதைப் போடுங்கள்:

```
=MATCH(F1,C6:C105,1)
```

வர்க்கமூலச் சோதனை 1, 2, 3 என்று ஏறும் திட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். இது எந்தத் திட்டத்துக்கும் பொருந்தும். உங்கள் செயலியின் மொழி அமைப்பைப் பொறுத்துக் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி கேட்கலாம்.

வரிசையை மாற்றினால்?

ஒரே எண்களை எந்த வரிசையில் கூட்டினாலும் மொத்தம் மாறாது. இதைப் பலர் பயன்படுத்திக்கொள்வதில்லை. 365-இல் தொடங்கி 1 வரை இறங்கினாலும் 66,795தான். அப்போது முதல் 31 நாளில் 10,850 போய்விடும். கடைசி மாதம் 496 மட்டும். கையில் இப்போது பணம் இருந்து, பின்னால் செலவு வரும் என்று தெரிந்தவருக்கு இது பொருத்தம். வட்டி தரும் கணக்கில் போடுபவருக்கு இதில் வட்டியும் சற்றுக் கூடும், ஏனென்றால் பெரிய தொகைகள் நீண்ட நாள் கணக்கில் இருக்கும்.

இன்னொரு வழி, ஜோடி ஜோடியாகப் போடுவது. ஒரு நாள் 1, மறுநாள் 365. அடுத்து 2, பிறகு 364. இரண்டு நாளுக்கு ஒரு முறை 366 என்று சீராகப் போகும். மாதத் தொகையும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஏறும் சுவையே இதில் இல்லை என்பார்கள்; ஆனால் மாதச் சம்பளத்தில் வாழ்பவருக்கு இதைவிட ஏற்ற வரிசை எனக்குத் தெரிந்து இல்லை. வரிசையை மாற்றுபவர்கள் போட்ட எண்ணைத் தாளில் அடித்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரே எண்ணை இரண்டு முறை போட்டது தெரியாது, நாளின் எண்ணும் உதவிக்கு வராது.

ஏற்றமே மெதுவாக வேண்டுமென்றால் வாரத்துக்கு ஒரு முறை ஏற்றலாம்: முதல் வாரம் முழுக்கத் தினமும் 1, இரண்டாம் வாரம் தினமும் 2. 52 வாரத்துக்கு 52 × 53 ÷ 2 = 1,378; அதை ஏழால் பெருக்கினால் 9,646. மிஞ்சும் ஒரு நாளுக்கு 53 சேர்த்தால் 9,699. தொகை குறைவாக இருந்தால் எல்லாவற்றையும் 5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். மொத்தமும் சரியாக 5 மடங்காகும்.

தினமும் இரட்டிப்பாக்கும் சவாலை மட்டும் இந்தக் கணக்கோடு சேர்க்காதீர்கள். 1, 2, 4, 8 என்று போனால் ஜோடி சேர்க்கும் வழி அங்கே செல்லாது. பத்து நாளில் 1,023-இல் நிற்கும் மொத்தம் இருபது நாளில் 10,48,575 ஆகிவிடும். யாராவது அதை 30 நாள் சவால் என்று அனுப்பினால், 30-ஆம் நாளுக்கு மட்டும் 53 கோடிக்கு மேல் வேண்டும் என்று கூட்டிக் காட்டி, இன்னொரு திட்டத்தைக் கேளுங்கள்.